பி.எட். கலைச்சொற்கள்: ஏழாம் வகுப்பு தசம எண்களை வைத்து எழுதிய அகராதி

பி.எட். முதலாண்டில் உளவியல் தாளுக்குப் படிக்கும்போது எல்லாரிடமும் ஒரு கலைச்சொல் நோட்டு இருக்கும். இடது பக்கம் சொல், வலது பக்கம் கைடில் இருந்து எடுத்த இரண்டு வரி. தேர்வுக்கு அது போதும். ஆனால் இரண்டாமாண்டில் 16 வாரம் பள்ளிக்கு அனுப்புகிறார்களே, அங்கே போய் நின்றதும் அந்த இரண்டு வரிகளால் ஒரு பையனைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் நோட்டை வேறு மாதிரி எழுத ஆரம்பித்தேன். ஒரு சொல்லுக்கு என் வார்த்தையில் பொருள், நான் எடுத்த வகுப்பில் இருந்து ஓர் உதாரணம், பார்க்க அதே மாதிரி இருந்தும் அது அல்லாத இன்னோர் உதாரணம், கடைசியாக 'வகுப்பில் இதை எப்படி அடையாளம் காண்பது' என்று ஒரு கேள்வி. இந்த மூன்றாவது, அதாவது 'அதுபோல இருக்கும், ஆனால் அது இல்லை' என்பதுதான் ரொம்ப முக்கியம். அதை எழுத முடியாத சொல் எனக்கு இன்னும் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

இப்போது ஜூனியர் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் அந்த நோட்டைத்தான் கொடுக்கிறேன். மொத்தத்தையும் இங்கே போட முடியாது. ஒரு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தசம எண்கள் எடுத்தபோது எழுதியதை மட்டும் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் அதிகம் குழப்பியவையும் இந்தச் சொற்கள்தான்.

முதலில் எதிர்மறை வலுவூட்டல். ஸ்கின்னர் பாடத்தில் வரும். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை கூடுகிறது என்றால் அது எதிர்மறை வலுவூட்டல். பலர் இதைத் தண்டனை என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் பிரிக்க இரண்டு கேள்வி போதும். நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? ஏதாவது வந்து சேர்ந்ததா, இருந்தது விலகியதா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. சேர்ந்ததா விலகியதா என்பதை வைத்து நேர்மறையா எதிர்மறையா என்று சொல்லிவிடலாம். 'வாரம் முழுக்க வீட்டுப்பாடம் முடித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கிடையாது' என்று அறிவித்து, அதன் பிறகு வீட்டுப்பாடம் முடிப்பவர்கள் அதிகமானால் அது எதிர்மறை வலுவூட்டல். 'சத்தம் போட்டதால் விளையாட்டு பீரியட் கிடையாது' என்று சொல்லி, அதனால் சத்தம் குறைந்தால் அது தண்டனை. இரண்டிலும் ஏதோ ஒன்றை எடுத்துவிடுகிறோம், அதனால்தான் குழப்பம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆசிரியர் என்ன நினைத்துச் செய்தார் என்பது கணக்கில் வராது. பையனின் நடத்தை அதன் பிறகு என்ன ஆனது என்பது மட்டும்தான் கணக்கு. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். வரலாறு பீரியடில் அமைதியாக இருப்பான், தசம எண் ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், பெஞ்சைத் தட்டுவான். வெளியே நிறுத்தினால் அடங்குவான் என்பது பள்ளியில் எல்லாருடைய கருத்து. வெளியே நிறுத்தவும் செய்தோம். ஆனால் நாளாக ஆகச் சத்தம் சீக்கிரமே தொடங்கியது. முன்பு பாதி பீரியடில் வந்தது, பிறகு போர்டில் தலைப்பை எழுதும்போதே வந்தது. நாம் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்குக் கணக்கில் இருந்து விடுதலை. சத்தம் போட்டான், பிடிக்காத பாடம் விலகியது, சத்தம் கூடியது. இலக்கணப்படி இது எதிர்மறை வலுவூட்டல். இன்னொன்றையும் நோட்டில் எழுதி வைத்தேன்: அவனை அனுப்பியதும் வகுப்பு அமைதியானது, ஆசிரியருக்கு எரிச்சல் விலகியது, அதனால் அனுப்பும் பழக்கம் ஆசிரியரிடமும் கூடியது. ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பேருக்கும் ஒரே விதி வேலை செய்கிறது. (அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டவை. அந்த வழியைப் பற்றி நான் பேசவே இல்லை.)

இதே விதியை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். 'புரியலைன்னா பெஞ்சைத் தட்டாதே, கையைத் தூக்கு. தூக்கினா முதல் ரெண்டு கணக்கு மட்டும் போட்டாப் போதும், மீதியை நாம சேர்ந்து பார்க்கலாம்' என்று அவனிடம் சொன்னேன். இங்கேயும் பிடிக்காதது கொஞ்சம் விலகுகிறது, ஆனால் இப்போது கூடுவது கை தூக்கும் நடத்தை. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் இரண்டும் கலந்து நடந்தது. ஆனால் கை தூக்க ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு என்ன புரியவில்லை என்று கேட்கவே எனக்கு வாய்ப்புக் கிடைத்தது.

அவனிடம் '0.25, 0.3, எது பெரிசு?' என்று கேட்டேன்.

'0.25 மிஸ்.'

'எப்படிச் சொல்ற?'

'மூணை விட இருபத்தஞ்சு பெரிசுதானே.'

இங்கேதான் பியாஜேயின் இரண்டு சொற்கள் வருகின்றன. தன்வயப்படுத்துதல் என்றால், புதிதாக வந்த ஒன்றை ஏற்கெனவே தலையில் இருக்கும் அமைப்பிலேயே போட்டுப் புரிந்துகொள்வது. அந்த அமைப்பைத்தான் ஸ்கீமா என்கிறோம். முழு எண்களைப் பற்றி அவனிடம் உறுதியான ஒரு ஸ்கீமா இருக்கிறது, ஒன்றாம் வகுப்பில் இருந்து அது அவனைக் கைவிட்டதே இல்லை. இலக்கம் அதிகமானால் எண் பெரியது. புள்ளிக்குப் பிறகு வருவதையும் அவன் அதே அமைப்பில் போட்டுப் பார்க்கிறான். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பது பிரயோஜனமில்லை, ஏனென்றால் அவன் கவனமாகத்தான் யோசித்திருக்கிறான். பொருத்திக்கொள்ளுதல் என்றால், புதியது பழைய அமைப்புக்குள் அடங்காதபோது அமைப்பையே மாற்றிக்கொள்வது. புள்ளிக்குப் பின்னால் முதல் இடம் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் இடம் நூறில் ஒரு பங்கு, ஆகவே 3 பத்துப்பங்கு 25 நூறுபங்கை விடப் பெரியது என்று அவன் பார்க்கத் தொடங்கினால் அது பொருத்திக்கொள்ளுதல்.

இப்போது 'அதுபோல இருக்கும், ஆனால் அது இல்லை'. நாம் எல்லாரும் சொல்லிக் கொடுக்கும் ஒரு சுருக்குவழி இருக்கிறது: பின்னால் சைபர் போட்டு இலக்கத்தைச் சமமாக்கு, 0.30-ஐயும் 0.25-ஐயும் ஒப்பிடு. விடை சரியாக வந்துவிடும். ஆனால் பையன் செய்வது என்ன? 30-ஐயும் 25-ஐயும் ஒப்பிடுகிறான். அதே பழைய முழு எண் ஸ்கீமா. அமைப்பு துளியும் மாறவில்லை, விடை மட்டும் மாறியிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? '0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஒரு எண் சொல்லு' என்று கேளுங்கள். 'ஒண்ணும் இல்லை, மூணுக்கு அப்புறம் நாலுதானே' என்று பதில் வந்தால் மாறவில்லை. '0.3, 0.30, எது பெரிசு?' என்று கேட்டால் 0.30 என்று சொல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். சுருக்குவழி தப்பு என்று நான் சொல்லவில்லை, அதைக் கடைசியில் சொல்லிக் கொடுங்கள்.

ரூபாய் பைசாவை வைத்து விளக்கலாம் என்று பலர் பாடக்குறிப்பில் எழுதுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2.5 ரூபாய் என்றால் 'ரெண்டு ரூபா அஞ்சு பைசா' என்று படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணத்தில் புள்ளி என்பது இரண்டு வெவ்வேறு முழு எண்களைப் பிரிக்கும் கோடு மாதிரி அவர்களுக்குத் தெரிகிறது. அதாவது பணமும் பழைய ஸ்கீமாவையே ஊட்டி வளர்க்கலாம். அதனால் நான் 10-க்கு 10 கட்டம் போட்ட தாளுக்குப் போனேன். கிராஃப் தாளில் ஒரு சதுரம் வெட்டினால் போதும்.

அந்தத் தாளை வைத்து நடந்ததுதான் அடுத்த இரண்டு சொற்கள். அண்மை வளர்ச்சி மண்டலம் என்பது வைகாட்ஸ்கி சொன்னது. ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், பெரியவரோ நன்றாகத் தெரிந்த இன்னொரு பிள்ளையோ உதவினால் செய்ய முடிவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி. சாரம் அமைத்தல் என்பது அந்த இடைவெளியில் தற்காலிகமாகக் கொடுத்து, பிறகு படிப்படியாக எடுத்துவிடும் உதவி. இதையும் வைகாட்ஸ்கிதான் சொன்னார் என்று பல நோட்டுகளில் இருக்கிறது. அவர் 1934-இலேயே இறந்துவிட்டார். கற்பித்தலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை. தேர்வில் இதைப் பிரித்து எழுதுங்கள்.

அந்தப் பையனுடன் நடந்ததை அப்படியே சொல்கிறேன். 'இந்தத் தாள் முழுசும் ஒண்ணு. இதுல 0.3-ஐ நிறம் தீட்டு' என்றேன். மூன்று சின்னக் கட்டங்களைத் தீட்டினான். தப்பு என்று சொல்லவில்லை. 'ஒரு நெடுவரிசை முழுசா எடுத்தா, அது மொத்தத் தாள்ல எத்தனைல ஒரு பங்கு?' எண்ணிப் பார்த்து 'பத்துல ஒண்ணு' என்றான். 'புள்ளிக்கு அடுத்த இடம் என்ன இடம்னு போர்டுல எழுதியிருக்கு பாரு.' பார்த்தான், தாளைப் பார்த்தான், இன்னொரு தாள் கேட்டு வாங்கி மூன்று நெடுவரிசையைத் தீட்டினான். 0.25-க்கு இரண்டு நெடுவரிசையும் ஐந்து கட்டமும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் நான் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை, 'மூணுதான் பெரிசா இருக்கு மிஸ்' என்று அவனே சொன்னான்.

பலர் இதோடு பாடத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் சாரத்தை எடுக்கும் வேலை இங்கேதான் ஆரம்பம். அடுத்த ஜோடி 0.4, 0.35. தாள் இருக்கட்டும், நிறம் தீட்டக் கூடாது, விரலால் காட்டினால் போதும். அதற்கடுத்து 0.2, 0.07. தாளைப் புரட்டி வைத்துவிட்டு, எத்தனை நெடுவரிசை வரும் என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இங்கே திணறினான், ஒரு முறை தாளைத் திருப்பிப் பார்க்க விட்டேன். பிறகு வெறும் எண்கள். உதவியை எடுத்த பிறகும் அவனால் செய்ய முடிந்தது, ஆகவே இந்தக் கணக்கு அவனுடைய மண்டலத்துக்குள் இருந்தது என்று சொல்லலாம்.

சாரம் போலத் தெரிந்தும் சாரம் அல்லாதவை மூன்றைப் பார்த்தேன். விடையின் முதல் எழுத்தைச் சொல்லி மீதியைச் சொல்ல வைப்பது. கணக்கையே சுலபமாக்கி 0.25-க்குப் பதில் 0.2 என்று கொடுப்பது. அப்புறம், தாளை எல்லா நாளும் கையிலேயே விட்டுவைப்பது. மூன்றிலும் பிள்ளை விடை சொல்வான், ஆனால் தனியாக விட்டால் பழைய இடத்துக்கே போய்விடுவான். 'இந்த உதவியை எப்போது, எந்த வரிசையில் எடுப்பேன்?' என்று பாடக்குறிப்பில் எழுத முடிந்தால்தான் அது சாரம்.

அதே தாளை அதே மாதிரி ஒரு பெண் பிள்ளைக்கும் கொடுத்தேன். அவளுக்கு எதுவும் நகரவில்லை. 'பத்துல ஒரு பங்கு' என்பதே அவளுக்கு அர்த்தமாகவில்லை. பத்துக் கட்டம் என்றால் பத்து, அவ்வளவுதான். எவ்வளவு உதவினாலும் கணக்கு நகராதபோது அது இன்னும் அவளுடைய மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். உதவியை அதிகமாக்குவதை விட்டுவிட்டு, ஒரு படி கீழே இறங்கி, காகிதத் துண்டைப் பத்தாக மடிப்பதில் இருந்து அவளுக்குத் தொடங்கினோம். ஒரே வகுப்பு, ஒரே கணக்கு, ஆனால் மண்டலம் ஆளுக்கு ஆள் வேறு. 'ஏழாம் வகுப்பு மாணவர்களின் அண்மை வளர்ச்சி மண்டலம்' என்று பொதுவாக எழுதும் வரி எந்தப் பயனும் இல்லாத வரி.

அடுத்தது வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண் பிரித்தார்கள், அதனால் இந்த இரண்டு பெயரும் எல்லா ஆசிரியருக்கும் மனப்பாடம். அதனாலேயே 'சின்னத் தேர்வு வளரறி, பெரிய தேர்வு தொகுத்தறி' என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விடைத்தாளை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் வித்தியாசம். 1967-இல் ஸ்கிரிவன் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தபோதே அது பயன்பாட்டைப் பற்றியதுதான்.

நான்கு ஒப்பிடும் கணக்கு கொடுக்கிறேன். மாலையில் தாள்களைப் பிரித்து, யார் எந்தக் காரணத்தால் தவறினார்கள் என்று மூன்று கட்டாக அடுக்கி, மறுநாள் பாடத்தை அதற்கேற்ப மாற்றினால் அது வளரறி. அதே நான்கு கணக்கைத் திருத்தி, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, மறுநாள் தசமப் பெருக்கலுக்குப் போய்விட்டால், பதிவேட்டில் வளரறி என்ற கட்டத்தில் எழுதியிருந்தாலும் அது தொகுத்தறியின் வேலையைத்தான் செய்திருக்கிறது. 'இந்த விடைத்தாளைப் பார்த்த பிறகு நாளைய பாடத்தில் எது மாறும்?' என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் மாறாது என்றால் வளரறி இல்லை.

அந்த மூன்று கட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்புடைமை, நம்பகத்தன்மை என்ற இரண்டும் அதில் இருந்துதான் எனக்குத் தெளிவாயின. ஒரு சோதனை எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. திரும்பத் திரும்ப வைத்தாலும் ஏறக்குறைய ஒரே முடிவு தருகிறதா என்பது நம்பகத்தன்மை.

நான் கொடுத்த ஜோடிகளில் 0.25, 0.3 ஒன்று, 0.62, 0.4 இன்னொன்று. முதல் கட்டில் இருந்தவர்கள் 'இலக்கம் நீண்டால் பெரியது' என்று நினைப்பவர்கள். அவர்கள் முதல் ஜோடியில் தவறி, இரண்டாவதில் சரியாக எழுதுவார்கள். இரண்டாம் கட்டு இதற்கு நேர் எதிர்: முதலாவது சரி, இரண்டாவது தவறு. கேட்டால், 'நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சின்னது, அதனால ரெண்டு இலக்கம் இருந்தா சின்னது மிஸ்' என்றார்கள். இவர்கள் இடமதிப்பைப் பாதி பிடித்துக்கொண்டவர்கள், பங்கின் அளவைப் பார்த்தார்கள், எத்தனை பங்கு என்பதைப் பார்க்கவில்லை. தாளில் வேலை செய்த பிறகு இந்தக் கட்டு கொஞ்சம் பெரிதாகக்கூட ஆகலாம், பயப்பட வேண்டாம், அவர்களுக்கு 62 கட்டத்தைத் தீட்டச் சொன்னால் போதும். மூன்றாவது கட்டு இரண்டையும் சரியாக எழுதியவர்கள்.

இப்போது ஒருவர் பத்துக் கேள்வியையும் 0.25, 0.3 மாதிரியே அமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.45, 0.6; 0.125, 0.3; 0.37, 0.5. இரண்டாம் கட்டுப் பிள்ளை பத்துக்குப் பத்து வாங்குவான். அடுத்த வாரம் வைத்தாலும் பத்துக்குப் பத்துதான். நம்பகத்தன்மை பிரமாதம், ஏற்புடைமை இல்லை, ஏனென்றால் தசம எண் புரிந்தவனும் புரியாதவனும் ஒரே மதிப்பெண் வாங்குகிறார்கள். வினாத்தாள் புளூபிரிண்டில் 'அறிதல், புரிதல், பயன்படுத்தல்' என்று சதவீதம் போட்டுவிட்டால் ஏற்புடைமை வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அது பாடப்பகுதி முழுக்கத் தொடப்பட்டதா என்பதை மட்டும்தான் காட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 'தப்பான யோசனையோடு வருகிறவனும் இதைச் சரியாக எழுதிவிட முடியுமா?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முடியும் என்றால் அந்தக் கேள்வியை எடுக்க வேண்டியதில்லை, எதிர்ப்பக்கம் சாயும் ஒரு கேள்வியைப் பக்கத்தில் சேர்த்தால் போதும். நான் 0.25, 0.3; 0.62, 0.4; 0.2, 0.07; 0.3, 0.30 என்ற நான்கு ஜோடிகளையும் சேர்த்தே வைக்கிறேன். கடைசி ஜோடிக்கு 'எது பெரியது' என்று மட்டும் கேட்டால் சமம் என்று எழுதத் தயங்குவார்கள், 'பெரியது, சிறியது அல்லது சமம்' என்று மூன்றையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள்.

தேர்வில் எழுதும்போது இதை எல்லாம் கொட்ட முடியாது. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால், பொருள் ஒரு வாக்கியம், பாடத்தோடு ஓர் உதாரணம் இரண்டு மூன்று வாக்கியம், பிறகு 'இதனோடு குழப்பக்கூடாதது' என்று ஒரு வாக்கியம். அறிவியல் எடுப்பவர்கள் என் தசம எண்ணைக் காப்பி அடிக்க வேண்டாம். 'கனமான பொருள் மூழ்கும்' என்று பிள்ளைகள் சொல்வதை எடுத்து, தன்வயப்படுத்துதலில் இருந்து ஏற்புடைமை வரை இதே வரிசையில் எழுதிப் பாருங்கள். ஒரு சின்ன ஆணி மூழ்குகிறது, பெரிய மரக்கட்டை மிதக்கிறது என்று காட்டிய மறுநாள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.